"நாளைக்கு காலைல"ன்னு மட்டும் மெசேஜ் வந்தா: பத்திர ஆபீஸ்ல போன் பாக்குறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பத்திர எழுத்து ஆபீஸ்ல வாட்ஸ்அப் பாக்குற பொறுப்பு உங்ககிட்ட இருக்குன்னா இந்த மெசேஜ் உங்களுக்கு புதுசா இருக்காது. ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் வரும், வணக்கம் கிடையாது, என்ன விஷயம்னு கிடையாது, ஒரு கேள்விக்குறி கூட இருக்காது, வெறும் "நாளைக்கு காலைல". நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆளுங்க பாதி பேரு "நாளைக்கு காலத்த"ன்னு போடுவாங்க. அனுப்புனவருக்கு அது முழு விஷயம்தான், மீதி எல்லாம் அவரு மனசுல ஓடிட்டு இருக்கு, நமக்குத்தான் தலையும் தெரியாது வாலும் தெரியாது.

நான் தக்கலை பக்கம் ஒரு எழுத்து ஆபீஸ்ல இருக்கேன், அதனால இதுல வர்ற உதாரணம் எல்லாம் நிலம், பத்திரம், ரிஜிஸ்டர் ஆபீஸ்னுதான் இருக்கும்.

எங்க ஆபீஸ்ல அந்த ரெண்டு வார்த்தைக்கு நாலு அர்த்தம் வரும். ஒண்ணு அப்பாயின்மென்ட், அதாவது ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் நேரம். ரெண்டு ரிமைண்டர், "எனக்கு காலைல ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்க". மூணு மீட்டிங், வாங்குறவங்களும் விக்கிறவங்களும் நம்ம ஆபீஸ்ல உக்காந்து பேசுறது. நாலாவது டெட்லைன், "காலைல டிராஃப்ட் என் கைல இருக்கணும்". நாலும் ஒரே ரெண்டு வார்த்தைதான், ஆனா மணி வேற வேற. டெட்லைன்னா ஆபீஸ் தொறக்குறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கணும், ரிமைண்டர்னா எட்டு எட்டரைக்கு ஒரு போன், அப்பாயின்மென்ட்னா டோக்கன்ல என்ன நேரம் போட்டிருக்கோ அது, மீட்டிங்னா எல்லாரும் எப்ப வர முடியுமோ அப்ப. அதனால "சரி"ன்னு ஒரு பதில் போட்டுட்டு படுத்துட்டா காலைல யாரோ ஒருத்தர் வாசல்ல நிப்பாரு, நம்ம கைல ஒண்ணும் இருக்காது.

படி 1: உடனே பதில் போடாதீங்க, ரெண்டு நிமிஷம் பொறுங்க

நிறைய பேரு மெசேஜ துண்டு துண்டா அனுப்புவாங்க. "நாளைக்கு காலைல" வந்து ஒரு நிமிஷம் கழிச்சு "அம்மாவும் வாறாங்க"ன்னு வரும், அதோட விஷயம் முடிஞ்சுது. மேல டைப்பிங்னு காட்டுதான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் டெலீட் ஆகியிருக்கான்னும் பாருங்க, டெலீட் ஆகியிருந்தா அவரு முதல்ல முழுசா எழுதி, என்னமோ தப்புன்னு அழிச்சுட்டு, திரும்ப எழுதும்போது பாதிய விட்டுட்டாருன்னு அர்த்தம். வேற யாருக்கோ போக வேண்டியது நமக்கு வர்றதும் உண்டு, பெயிண்டர்கிட்ட சொல்ல வேண்டியத எழுத்து ஆபீஸ்ல சொல்லிடுவாங்க. நமக்கும் அவருக்கும் நடுவுல எந்த வேலையும் பாக்கி இல்லன்னா முதல் சந்தேகம் அதுவாத்தான் இருக்கணும்.

வார்த்தையோட வால்ல எதாவது ஒட்டியிருக்கான்னும் ஒரு தடவ பாத்துருங்க. "காலைக்குள்ள"ன்னா டெட்லைன், அதுல பேச்சே இல்ல. "காலைலதானே"ன்னா ஏற்கனவே பேசின ஒண்ண உறுதி பண்றாரு, நம்ம பக்கம் யாரோ அவருக்கு நேரம் சொல்லியிருக்காங்க, ஆபீஸ்ல மத்தவங்ககிட்ட கேளுங்க. "காலைலயே"ன்னா அவசரம். எதுவும் ஒட்டாம மொட்டையா வந்தாத்தான் கீழ உள்ள படி எல்லாம் வேணும்.

படி 2: அவரோட "நாளைக்கு" எந்த நாள், அவரோட "காலைல" எத்தன மணி

நம்ம மாவட்டத்துல இது ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டுல இருப்பாங்க. துபாய், ஷார்ஜா, மஸ்கட் எல்லாம் நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ரெண்டரை மணி நேரம் பின்னாடி. சிங்கப்பூர், மலேசியா ரெண்டரை மணி நேரம் முன்னாடி. வாட்ஸ்அப் நம்ம போன்ல நம்ம நேரத்ததான் காட்டும், அனுப்புனவரோட நேரத்த காட்டாது. அதனால ராத்திரி பன்னெண்டு தாண்டி வளைகுடால இருந்து வர்ற மெசேஜ்ல "நாளைக்கு"ன்னா, அவருக்கு இன்னும் தேதி மாறல, அவரு சொல்ற நாளை நமக்கு இன்னைக்கு. காலைல எந்திரிச்சு இந்த மெசேஜ பாக்குறவங்க "சரி, நாளைக்குதானே"ன்னு ஒரு நாள் முழுசா தள்ளிப் போட்டுருவாங்க. பன்னெண்டுல இருந்து ரெண்டரை வரைக்கும் வந்த எந்த மெசேஜையும் நாடு பாக்காம படிக்காதீங்க.

உள்ளூர் ஆளுங்களுக்கும் இது உண்டு, ஆனா வேற மாதிரி. ராத்திரி பன்னெண்டரைக்கு முழிச்சிருக்கிற ஆளு "நாளைக்கு"ன்னு போட்டா அவரு இன்னும் தூங்கல, அதனால அவரு கணக்குல நாள் மாறல. விடிஞ்சா வர்ற காலைதான் அது.

அடுத்து காலைன்னா எத்தன மணி. இது தொழில பொறுத்து மாறும். குலசேகரம், கடையால் பக்கம் ரப்பர் வெட்டுறவங்க விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துல நிப்பாங்க, பால் எடுத்து, உறைய வச்சு, ஷீட் அடிச்சு முடிக்க பத்து பதினொண்ணு ஆயிரும், அதனால "காலைல வாறேன்"ன்னா பதினொண்ணுக்கு முன்னாடி எதிர்பாக்காதீங்க, ராத்திரி நல்ல மழை பெஞ்சிருந்தா மட்டும் வெட்டு இருக்காது, சீக்கிரம் வந்துருவாங்க. தோவாளை பூ வியாபாரிங்களுக்கு விடியக்காலமே பாதி நாள் முடிஞ்ச மாதிரி, ஏழரை மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசல்ல நின்னு "என்ன இன்னும் தொறக்கல"ன்னு கேப்பாங்க. குளச்சல் பக்கம் கடலுக்கு போறவங்களுக்கு கரைக்கு வந்து மீன் ஏலம் முடிஞ்ச பிறகுதான் காலை. ஸ்கூல் டீச்சருக்கு காலைன்னா ஒம்பதுக்கு முன்னாடி, அதுக்கப்புறம் போன் எடுக்க மாட்டாங்க. கஸ்டமர் பேர சேவ் பண்ணும்போது ஊரோட சேத்து தொழிலையும் ஒரு வார்த்தைல போட்டு வையுங்க, இந்த ஒரு பழக்கத்துலயே பாதி குழப்பம் தீரும்.

படி 3: வேலை யார் கைல நிக்குதுன்னு பாருங்க

மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. அந்த ரெண்டு வார்த்தைய எத்தன தடவ திருப்பி திருப்பி படிச்சாலும் அதுல ஒண்ணும் கிடைக்காது, அவரோட ஃபைல எடுத்து பாத்தா கிடைக்கும். கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இப்ப இந்த வேலை எங்க நிக்குது?

நம்ம கைல நின்னா, அதாவது டிராஃப்ட் நாம அடிச்சுத் தர வேண்டியிருக்கு, வில்லங்கம் போட்டுத் தர வேண்டியிருக்குன்னா, மெசேஜ் டெட்லைனா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவரு "எப்ப கிடைக்கும்"னு கேட்டு கேட்டு அலுத்துப்போயி "நாளைக்கு காலைல"ன்னு முடிவா சொல்றாரு.

அவரு கைல நின்னா, அதாவது நம்ம ஊர்ல பிரமாணம்னு சொல்ற பழைய பத்திரத்தோட ஒரிஜினல் கொண்டு வரணும், டிராஃப்ட் படிச்சு சரி சொல்லணும், பான் கார்டு நகல் தரணும்னா, அது "நாளைக்கு காலைல தாறேன்"ங்கிற அர்த்தம். நம்ம பக்கத்துல இருந்து பாத்தா அது ரிமைண்டர்தான், ஏன்னா காலைல ஒரு போன் போடலன்னா அது மறுநாளும் வராது.

ரெண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகாம நின்னா, விலை பேசி முடியல, வழி விடுறதுல தகராறு, அண்ணன் தம்பி பாகத்துல ஒரு செண்ட் ரெண்டு செண்ட் இழுபறின்னா, மீட்டிங். பெரும்பாலும் புரோக்கர்கிட்ட இருந்துதான் இப்படி வரும், அவரு ரெண்டு பக்கமும் போன்ல பேசி முடிச்சுட்டு நமக்கு ரெண்டே வார்த்தைல தகவல் சொல்றாரு.

எல்லாம் முடிஞ்சு டோக்கன் போட்டாச்சுன்னா அப்பாயின்மென்ட். இதுக்கு ஒரு தெளிவான சோதனை இருக்கு. அப்பாயின்மென்ட்னா மூணாவது ஒரு ஆளு அந்த நேரத்த நமக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கணும், எங்க விஷயத்துல அது சார்பதிவாளர் ஆபீஸ். டோக்கன் இருக்கான்னு பதிவுத்துறை சைட்லயே பாத்துக்கலாம், டோக்கன் இல்லன்னா அவரு என்ன நினைச்சு அனுப்பியிருந்தாலும் அது அப்பாயின்மென்ட் கிடையாது, அப்பாயின்மென்ட் வேணும்னு ஒரு ஆசை. நிறைய பேருக்கு இது தெரியாது, கடைக்கு போற மாதிரி காலைல போயி ரிஜிஸ்டர் பண்ணிட்டு வரலாம்னு நினைப்பாங்க. முகூர்த்த நாள்ல கூடுதல் டோக்கன் விடுவாங்கதான், அதுக்கும் முன்னாடியே பதியணும்.

பதிவு பத்தின மெசேஜ்னா பஞ்சாங்கமும் ஒரு துப்பு கொடுக்கும். வியாழக்கிழமை ராத்திரி வர்ற "நாளைக்கு காலைல" பதிவுக்குன்னு வைங்க, வெள்ளிக்கிழமை ராகு காலம் 10:30ல இருந்து 12 வரைக்கும், அந்த நேரத்துல கையெழுத்து போட ராகு காலம் பாக்குற குடும்பம் எதுவும் ஒத்துக்காது, 10:30க்குள்ள முடியணும்னு நிப்பாங்க. சனிக்கிழமைன்னா 9ல இருந்து 10:30. திங்கக்கிழமை 7:30 டூ 9, ஆபீஸ் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும், அதனால தொந்தரவு இல்ல. எல்லாரும் பாக்க மாட்டாங்க, ஆனா பாக்குற வீடு எதுன்னு நமக்கு தெரிஞ்சிருக்கணும்.

படி 4: டெட்லைன முதல்ல சோதிங்க, ரிமைண்டர கடைசியா

நாலுல எதுக்கு வாய்ப்பு அதிகம்னு பாக்குறது சரிதான், ஆனா எந்த வரிசைல சோதிக்கிறதுங்கிறது வேற கணக்கு. டெட்லைன்தான் முதல்ல. ஏன்னா மத்த மூணும் நாளைக்கு காலைல ஆரம்பிக்கும், டெட்லைன் மட்டும் இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிரும். காலைல எந்திரிச்சு "அது டெட்லைன்தான்"னு தெரிஞ்சா அதுக்குள்ள நேரம் போயாச்சு. அதனால மெசேஜ் பாத்ததும் ஃபைல்ல ஒரு சட்ட கெடு ஓடிட்டு இருக்கான்னு பாருங்க. எழுதி கையெழுத்து போட்ட பத்திரத்த நாலு மாசத்துக்குள்ள பதிவுக்கு தாக்கல் பண்ணணும், அது 1908ம் வருஷத்து பதிவுச் சட்டத்துலயே இருக்கு, தவறினா இன்னும் நாலு மாசம் வரைக்கும் அபராதத்தோட கேட்டுப் பாக்கலாம், அதுக்கு மேல வழி இல்ல. வெளிநாட்டுல கையெழுத்து போட்டு வந்த பவர் பத்திரம்னா இந்தியாவுக்கு வந்து சேந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டியாகணும். இந்த மாதிரி ஒரு கெடு பக்கத்துல வந்துட்டு இருக்குன்னா அவரு மொட்டையா அனுப்பினாலும் நீங்க அவசரமாத்தான் எடுத்துக்கணும், ராத்திரி பத்து மணி ஆனாலும் போன் போட்டு கேக்கலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ரெண்டாவது அப்பாயின்மென்ட், ஏன்னா அதுல மத்தவங்க நாளும் மாட்டிக்கிட்டு இருக்கு. ஒரு கிரயப் பதிவுக்கு விக்கிறவங்க, வாங்குறவங்க, ரெண்டு சாட்சின்னு எல்லாரும் அடையாள அட்டையோட வரணும், அதுல ஒருத்தரு கடலுக்கு போறவரா இருந்தா ஒரு நாள் தொழில விட்டுட்டு வருவாரு. மூணாவது மீட்டிங், தள்ளிப் போனா முனகல்தான் வரும், நட்டம் வராது. ரிமைண்டர் கடைசி, அதுக்கு காலைல ஒரு போன் போதும்.

இங்க ஒரு எச்சரிக்கை. தப்பா கணிச்சா திருப்ப முடியிற வேலைய மட்டும் ராத்திரியே செய்யுங்க. டிராஃப்ட் அடிச்சு வைக்கிறது, ஃபைல எடுத்து மேல வைக்கிறது, என்ன பேப்பர் பாக்கின்னு எழுதி வைக்கிறது இதெல்லாம் எப்படி ஆனாலும் உதவும். ஆனா நம்ம கணிப்ப நம்பி எதிர் தரப்புக்கு போன் போட்டு "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதும், பணம் கட்டி டோக்கன் போடுறதும் கூடவே கூடாது. கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக்கட்டணம், சின்ன துண்டு நிலத்துக்கே பெரிய தொகை வரும், அதக் கட்டிட்டு "நான் அத சொல்லல அண்ணே"ன்னு அவரு சொன்னா திரும்ப வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

படி 5: பதில் எழுதுறது

மூணு விதமான பதில தவிர்த்துருங்க. ஒண்ணு "சரி", காரணம் மேலயே சொல்லியாச்சு. ரெண்டு "என்ன நாளைக்கு காலைல?", இதுக்கு அவருக்கு கோவம்தான் வரும், அவரு மனசுல எல்லாம் தெளிவா இருக்கே, இவங்களுக்கு நம்ம விஷயம் ஞாபகமே இல்லன்னு நினைப்பாரு. மூணாவது, படிச்சவங்க எல்லாரும் செய்யிறது, நாலையும் அடுக்கி கேக்குறது: "ரிஜிஸ்ட்ரேஷனா, மீட்டிங்கா, டிராஃப்ட் வேணுமா, இல்ல ஞாபகப்படுத்தணுமா?" இதுக்கு என்ன பதில் வரும் தெரியுமா? "ஆமா". நெஜமாவே வரும், அதுவும் ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட இருந்து கண்டிப்பா வரும்.

சரியான பதில்ல ஒரே ஒரு கணிப்புதான் இருக்கணும், அது தப்பா இருந்தா அவரு ஒரே வரில திருத்துற மாதிரி இருக்கணும். கிழமை, தேதி, மணி, எந்த வேலை, இத்தனையும் அதுல வரணும். உறவு முறையோட எழுதுங்க, ஆபீஸ் பாஷை வேண்டாம்.

டெட்லைன்னு தோணுச்சுன்னா: "அண்ணாச்சி, கருங்கல் அஞ்சு செண்டு டிராஃப்ட் நாளைக்கு செவ்வாய் 14ந்தேதி காலைல 9 மணிக்குள்ள உங்களுக்கு வேணும், அப்படித்தானே?"

மீட்டிங்னு தோணுச்சுன்னா: "மாமா, நாளைக்கு புதன் 11 மணிக்கு நீங்களும் தெக்கு வீட்டுக்காரங்களும் வழி விஷயம் பேச ஆபீசுக்கு வாறீங்க, சரியா? அவங்ககிட்ட நீங்க சொல்லியாச்சா இல்ல நான் சொல்லணுமா?" இங்க ரெண்டு கேள்வி வந்துருச்சு, ஆனா மீட்டிங்குக்கு அது வேணும், யாரு யாருக்கு சொல்றதுன்னு தெரியாமத்தான் பாதி மீட்டிங் நடக்காம போகுது.

ரிமைண்டர்னா கேள்வியே வேண்டாம்: "சரி அக்கா, பழைய பிரமாணம் எடுத்து வைக்க நாளைக்கு காலைல எட்டரைக்கு நான் கூப்பிடுறேன்." தப்புன்னா அவங்களே சொல்லுவாங்க, சரின்னா பேசாம இருப்பாங்க.

அப்பாயின்மென்ட்னா டோக்கன் நேரத்தையும், அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எங்க வந்து நிக்கணும்ங்கிறதையும், கைல என்ன என்ன இருக்கணும்ங்கிறதையும் எழுதுங்க. டோக்கன் இல்லன்னா அதையும் நேரா சொல்லிருங்க: "அம்மா, பதிவுக்கு இன்னும் டோக்கன் போடல, அதனால நாளைக்கு பதிவு நடக்காது. டிராஃப்ட் பாக்க வேணும்னா வரலாம்." சுத்தி வளைச்சு சொன்னா அவங்க சாட்சிய கூட்டிட்டு வந்துருவாங்க.

ஒரு கேஸ் முழுசா

கருங்கல் பக்கம் பன்னெண்டு செண்டு, குடும்ப சொத்து, அக்கா ஊர்ல இருக்காங்க, தம்பி ஷார்ஜாவுல. வாங்குறவங்க அட்வான்ஸ் கொடுத்தாச்சு, டிராஃப்ட் அடிச்சு ரெண்டு பேருக்கும் அனுப்பியாச்சு, அக்கா பாத்துட்டாங்க, தம்பி இன்னும் பதில் சொல்லல. அவரு அடுத்த மாசம் லீவுல வந்து கையெழுத்து போடுறதா ஏற்பாடு. இப்படி இருக்கும்போது என் போன்ல வெள்ளிக்கிழமை 12:10ன்னு காட்டுற நேரத்துல தம்பிகிட்ட இருந்து மெசேஜ்: "நாளைக்கு காலத்த".

முதல்ல நேரம். 12:10 நம்ம நேரம், அங்க வியாழன் ராத்திரி 10:40. அவருக்கு தேதி மாறல, அதனால அவரு சொல்ற நாளை வெள்ளிக்கிழமை, நமக்கு அது ஏற்கனவே வந்தாச்சு. ஷார்ஜாவுல 2022ல இருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் அரசாங்க லீவு, தனியார் கம்பெனி எல்லாம் அப்படி இல்லன்னாலும் இவரு கம்பெனில வெள்ளி லீவுன்னு அக்கா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஆக காலைல அவரு கைல நேரம் இருக்கு.

அடுத்து வேலை யார் கைல? டிராஃப்ட் அவருகிட்ட போயாச்சு, நம்ம கைல ஒண்ணும் பாக்கி இல்ல, அதனால டெட்லைன் இல்ல. கையெழுத்து இன்னும் போடல, அதனால நாலு மாசக் கணக்கும் ஓடல. ஆளே ஊர்ல இல்ல, டோக்கனும் போடல, அதனால அப்பாயின்மென்ட் இல்ல. மிச்சம் ரெண்டு: வீடியோ கால்ல அக்காவையும் வச்சு பேசணும்ங்கிறாரா, இல்ல காலைல டிராஃப்ட் படிக்கிறேன்னு சொல்றாரா. இதுல எது தப்பானாலும் பெரிய நட்டம் இல்ல, ஆனா கால்னா அக்கா போன் பக்கத்துல இருக்கணும், அதனால அதையே கணிப்பா வச்சுக்கிட்டேன்.

பதில்: "தம்பி, வெள்ளிக்கிழமை (இன்னைக்கு) நம்ம நேரம் 9:30, உங்க நேரம் 8 மணிக்கு, அக்காவையும் வச்சு கால்ல டிராஃப்ட் பாக்கலாம்னு சொல்றீங்க, அப்படித்தானே?" ரெண்டு ஊரு மணியும் போடணும், இல்லன்னா கண்டிப்பா குழப்பம் வரும்.

அதுக்கப்புறம் ஒண்ணும் வரல, தூங்கிட்டாரு. காலைல என்ன செய்யிறது? நம்ம எட்டு மணிக்கு அங்க ஆறரை, லீவு நாள்ல ஆறரைக்கு ஒருத்தர எழுப்புறது நல்லா இருக்காது. டிராஃப்ட பிரிண்ட் எடுத்து வச்சாச்சு, அக்காவுக்கு "ஒம்பதரைக்கு போன் பக்கத்துல இருங்க, தம்பி கூப்பிட்டாலும் கூப்பிடலாம்"ன்னு மட்டும் சொல்லியாச்சு, இருந்தா நல்லது, இல்லன்னா ஒண்ணும் கெட்டுப்போகாது. வாங்குறவங்களுக்கு மூச்சு விடல, ஏன்னா அவங்ககிட்ட "தம்பி இன்னைக்கு பேசுறாரு"ன்னு சொல்லிட்டா பத்து மணிக்கு அவங்க ஆபீஸ்ல வந்து உக்காந்திருப்பாங்க.

9:10க்கு பதில் வந்துச்சு: "கால் வேண்டாம் அண்ணே, நானே படிச்சுட்டு சொல்றேன், 10 மணிக்கு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க." ஆக அது ரிமைண்டர். அவரு ஒரே வரில திருத்திட்டாரு, ஏன்னா நாம எழுதினதுல திருத்துறதுக்கு விஷயம் இருந்துச்சு. ஆனா பாருங்க, இப்ப "10 மணி" யாரோட பத்து? நம்ம பத்துன்னா இன்னும் அம்பது நிமிஷம், அவரோட பத்துன்னா நமக்கு பதினொண்ணரை. இதையும் கேக்க வேண்டாம், "சரி தம்பி, உங்க 10 மணிக்கு, நம்ம 11:30க்கு மெசேஜ் போடுறேன்"ன்னு எழுதிட்டா போதும், தப்புன்னா சொல்லிருவாரு. வெளிநாட்டுக்காரங்க தன் கைக்கடிகாரத்த பாத்துதான் மணி சொல்லுவாங்க, நம்ம மணியா இருந்தா "ஊரு டைம்"னு சேத்து சொல்லுவாங்க, அந்த வழக்கத்த வச்சுதான் கணிப்பு.

படி 6: பதிலே வரலன்னா

நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லன்னா அத சம்மதம்னு எடுத்துக்காதீங்க. தம்ஸ் அப் போட்டாலும் முழுசா நம்ப வேண்டாம், சில பேருக்கு அது "படிச்சேன்", அவ்வளவுதான். ரிமைண்டருக்கும் டிராஃப்டுக்கும் தம்ஸ் அப் போதும். நாலு பேரு வரணும், பணம் கட்டணும்னா வாயால சொல்லணும், காலைல போன் போட்டு கேட்டே ஆகணும். அந்த போன எப்ப போடுறதுன்னா, படி 2ல பாத்த அவரோட காலைக்கு அரை மணி முன்னாடி, பூக்காரங்கள எட்டு மணிக்கு கூப்பிட்டா நாம லேட்டு, ரப்பர் வெட்டுறவர அதே எட்டு மணிக்கு கூப்பிட்டா அவரு போன் வீட்டுல இருக்கும், வீட்டுல அம்மா எடுத்து "தோட்டத்துக்கு போயாச்சே மக்களே"ன்னு சொல்லுவாங்க. அப்படின்னா அம்மாகிட்டயே விஷயத்த கேட்டுருங்க, பெரும்பாலும் அவங்களுக்கு முழுசா தெரிஞ்சிருக்கும்.

படி 7: உறுதியானத எழுதி வைக்கிறது

டைரில "நாளைக்கு காலைல"ன்னு அப்படியே எழுதாதீங்க, மறுநாள் அத படிக்கிற ஆளுக்கு அது இன்னொரு நாளையா ஆயிரும். கிழமை, தேதி, மணி, முன்னாடி ஒரு எழுத்து: ப பதிவு, ஞா ஞாபகம், பே பேச்சுவார்த்தை, கெ கெடு. எங்க ஆபீஸ்ல இன்னும் உறுதியாகாதத பென்சில்லயும் உறுதியானத பேனாலயும் எழுதுறோம், காலைல வர்றவங்க பென்சில்ல இருக்கிறதுக்கு எல்லாம் முதல்ல போன் போடணும்.

குரூப்ல வந்தா

குடும்ப குரூப், இல்ல புரோக்கரும் ரெண்டு தரப்பும் இருக்கிற குரூப்ல "நாளைக்கு காலைல"ன்னு யாராவது போட்டா அது அநேகமா மீட்டிங்தான், டெட்லைன்னா நமக்கு தனியா போட்டிருப்பாரு. பதில தனி மெசேஜ்ல கேக்காதீங்க, குரூப்லயே கேளுங்க, இல்லன்னா அஞ்சு பேரும் அஞ்சு விதமா புரிஞ்சுக்கிட்டு ஒருத்தரு ஒம்பதுக்கும் ஒருத்தரு பன்னெண்டுக்கும் வருவாங்க. ஒரே ஒரு விதிவிலக்கு, விலையோ பாகமோ தகராறுல இருந்தா போட்டவர்கிட்ட முதல்ல போன்ல பேசிட்டு அப்புறம் குரூப்ல நேரத்த மட்டும் போடுங்க, "எதுக்கு மீட்டிங்"னு குரூப்ல கேட்டீங்கன்னா மீட்டிங்க அங்கயே நடத்த ஆரம்பிச்சிருவாங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாய்ஸ் மெசேஜா வரும்.